முதலில் லிங்க், அப்புறம்தான் பிளாக்!

கல்லூரி மாணவி, மணப்பாறை: என் பெயர், என் போட்டோ. ஆனால் நான் தொடங்காத இன்ஸ்டாகிராம் கணக்கு. அதிலிருந்து என்னோடு படிக்கும் பையன்களுக்கு அசிங்கமான மெசேஜ் போகிறது. பார்த்த நிமிஷமே பிளாக் பண்ணிவிட்டேன். சரிதானே?

கோபம் சரி, வரிசை தப்பு. நீங்கள் பிளாக் பண்ணியதால் அந்தக் கணக்கு உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் மறைந்தது. ஊருக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை; அந்த ஆளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பிளாக்கை எடுத்துவிடுங்கள், அல்லது தோழியின் போனை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் கணக்கின் லிங்க்கை எடுங்கள். மேலே மூன்று புள்ளியைத் தட்டினால் லிங்க்கை காப்பி செய்யலாம். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் தனி லிங்க் உண்டு, அவற்றையும் எடுங்கள். கொட்டை எழுத்தில் தெரியும் பெயரை நம்பாதீர்கள், அதை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். குறித்துக்கொள்ள வேண்டியது யூசர்நேம், புள்ளி, அடிக்கோடு, எண் எல்லாம் சேர்த்து. அதையும் நாளைக்கே மாற்றிவிட முடியும் என்பதால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சில கணக்குகளில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியில் கணக்கு தொடங்கிய மாதம், எத்தனை முறை பெயர் மாற்றினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அழகுபடுத்த வேண்டாம். மேலே மணியும் கீழே பட்டனும் தெரிய, முழுசாக இருக்கட்டும். மெசேஜ் வந்த பையன்களில் நம்பகமான ஒருவரிடம் அந்த சாட்டை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வராத மெசேஜுக்கு அவர் போன்தான் சாட்சி.

அடுத்தது ரிப்போர்ட். இதில் 'ஆபாசம்', 'ஸ்பாம்', 'பிடிக்கவில்லை' என்று பல கதவுகள் இருக்கும். உங்கள் கதவு 'வேறொருவர் போல நடிக்கிறார்', அதற்குள் 'நான்தான் அந்த வேறொருவர்'. தப்பான கதவைத் தட்டினால், 'விதிமீறல் எதுவும் இல்லை' என்று மரியாதையாகப் பதில் வரும். பாதிப் பேர் அங்கேயே மனம் உடைந்து நின்றுவிடுகிறார்கள். ஆள்மாறாட்டத்துக்கு இன்ஸ்டாகிராமில் தனிப் படிவமே இருக்கிறது. அடையாள அட்டையின் படம் கேட்பார்கள். ஆதார் கொடுப்பதானால் எண்ணை மறைத்துக் கொடுங்கள்.

இத்தனையும் ஆப்புக்குள் நடப்பது. இதற்கு மேல் ஒரு படி இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி என்று ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவருடைய முகவரியும் படிவமும் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். ஆப்பில் அடிக்கும் ரிப்போர்ட் வேறு, இவருக்குப் போடும் புகார் வேறு. சட்டம் வைத்த கடிகாரம் ஓடுவது இந்தப் புகாருக்குத்தான்.

நீளமாக எழுத வேண்டாம். 'கீழே உள்ள லிங்க்கில் இருக்கும் கணக்கு என்னுடையது அல்ல. அதில் உள்ள படம் என்னுடையது, என் சம்மதம் இல்லாமல் எடுத்தது. என்னைப் போல நடித்து மற்றவர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். 2021 விதிகளின் 3(2)(b)-ன் கீழ் நீக்கக் கோருகிறேன்.' இவ்வளவு போதும். அந்த 3(2)(b)-தான் மந்திரம். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம், ஒட்டு வேலை செய்த படம் ஆகியவற்றுக்கான தனி விதி அது. புகார் வந்த 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும் என்று 2021-ல் வைத்தார்கள். 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகச் சுருக்கினார்கள். கடிகாரத்தைத் தளம் மதிக்கிறதா என்று பார்க்க, புகார் எண்ணும் அனுப்பிய நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததா? இப்போது பிளாக் பண்ணுங்கள், தாராளமாக.

வாசகர், துவரங்குறிச்சி: இருநூறு நண்பர்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ரிப்போர்ட் அடித்தால் கணக்கு காலி என்கிறார்களே?

அது தேர்தல் இல்லை, ஓட்டு எண்ணுவதற்கு. எத்தனை ரிப்போர்ட் வந்தாலும் பார்ப்பது விதியை மீறியிருக்கிறதா என்பதைத்தான். இன்னொன்று: கேலி, அவமதிப்பு வகைகள் சிலவற்றில் பாதிக்கப்பட்டவரே ரிப்போர்ட் செய்தால்தான் மெட்டா எடுக்கும். வெளியில் இருப்பவருக்கு அது நண்பர்களுக்குள் விளையாட்டா வம்பா என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். ஆக, இருநூறு நண்பர்களைவிட நீங்கள் ஒருவர் சரியான கதவைத் தட்டுவது மேல். அந்த இருநூறு பேரும் லிங்க்கைத் திறந்து பார்த்துத் தொலைத்தார்கள் என்பதுதான் மிச்சம்.

முறுக்குக் கடைப் பணியாளர், மணப்பாறை: கடைக்கு வந்த ஒருவர் என் போட்டோவைப் போட்டு, 'இந்தப் பெண் மீதிச் சில்லறையைத் திருடுகிறாள்' என்று பேஸ்புக்கில் எழுதிவிட்டார். கீழே யாரோ என் போன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். ரிப்போர்ட் செய்தால் 'விதிமீறல் இல்லை' என்கிறது பேஸ்புக்.

'பொய்' என்று ரிப்போர்ட் செய்திருப்பீர்கள். மணப்பாறைக் கடையில் சில்லறை சரியாகக் கொடுத்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல பேஸ்புக்கில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எது பொய் என்று அவர்களிடம் நிரூபிக்கப் பார்க்காதீர்கள், எது அவர்கள் விதியை மீறுகிறது என்று தேடுங்கள்.

உங்கள் விஷயத்தில் அது அந்த போன் நம்பர். அனுமதி இல்லாமல் தனிப்பட்ட தகவலை வெளியிடுவது தெளிவான விதிமீறல், விவாதத்துக்கே இடமில்லை. அந்தக் கமெண்ட்டை அதன் தனி லிங்க்கோடு ரிப்போர்ட் செய்யுங்கள். கமெண்ட்டின் நேரத்தை அழுத்தினால் அந்த லிங்க் கிடைக்கும். அடுத்து, கீழே உள்ள கமெண்ட்களைப் படியுங்கள். கஷ்டம்தான், கூடப் பிறந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். 'கடைக்கே போய் இழுத்துப் போட்டு அடிக்கணும்' என்று யாராவது எழுதியிருந்தால் அது மிரட்டல். தோற்றத்தையோ சாதியையோ இழுத்திருந்தால் அதற்கு வேறு கதவு. ஒவ்வொன்றையும் அதனதன் கதவில் தட்டுங்கள்.

மிச்சம் நிற்பது 'திருடி' என்ற சொல். இதைக் குறைதீர் அதிகாரியிடம் கொண்டு போகலாம். சாதாரணப் புகார்களைத் தீர்க்க முன்பு 15 நாள் கொடுத்திருந்தார்கள், இப்போது 7 நாள். கைவிரித்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். gac.gov.in என்ற தளத்தில்தான் மனு, டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். 2023 மார்ச்சிலிருந்து நடக்கிறது.

அங்கேயும் வேலைக்கு ஆகவில்லை என்றால் நீதிமன்றம்தான். அவதூறு என்பது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் இல்லை; மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், அல்லது சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு வந்துவிட்டால் தளம் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதற்கு வக்கீல் பீஸ் உண்டு, வாய்தா உண்டு. பல நேரங்களில் முதலாளி அந்தத் தேதியின் பில்லையும் கேமராப் பதிவையும் வைத்துக்கொண்டு, கடையின் பெயரில் நிதானமாக ஒரு பதில் போட்டால் எழுதியவரே அழித்துவிடுகிறார். நீங்கள் மட்டும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு பதிலும் அந்த போஸ்ட்டை இன்னும் நூறு பேர் கண்ணில் காட்டும்.

வாசகர், வையம்பட்டி: 66ஏ பிரிவில் புகார் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. வழக்கின் பெயர் ஷ்ரேயா சிங்கால். எழுதிக் கொடுத்தவர் பழைய பார்மேட்டை வைத்திருக்கிறார் போலிருக்கிறது. உங்களுக்குப் பிரிவே தெரிய வேண்டாம். நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள், பிரிவு போடுவது அவர்கள் வேலை.

மாணவி, ஸ்ரீரங்கம்: வீடு மணப்பாறை, தங்கிப் படிப்பது ஸ்ரீரங்கம், தொல்லை கொடுப்பவன் கோயம்புத்தூர் என்று சந்தேகம். எந்த ஸ்டேஷன்? 'இங்கே இல்லை, அங்கே போ' என்று அனுப்பினால்?

ஸ்ரீரங்கம் திருச்சி மாநகர கமிஷனர் எல்லை. மணப்பாறை மாவட்ட எஸ்.பி. எல்லை. இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. மின்னஞ்சல் போன்ற வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ எழுதிக் கொடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

ஒரு நடைமுறை உண்மை: தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை விசாரிக்க இன்ஸ்பெக்டர் பதவியாவது இருக்க வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் 'ஐயா வரட்டும்' என்று உட்கார வைப்பது எப்போதும் அலட்சியம் இல்லை. ஆனால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பதியலாம். பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் புகார் எங்கே நிற்கிறது என்று பின்தொடர முடியாது. 1930 என்பது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கான எண்.

ஒரு தந்தை, மருங்காபுரி: போலீஸுக்குப் போனால் பெண்ணின் பெயர்தானே கெடும்? பேசாமல் விட்டுவிட்டால் தானாக அடங்கிவிடாதா?

2016 ஜூனில் சேலம் இடங்கணசாலையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் புகார் கொடுத்தது. படத்தை நீக்குவதிலும் ஆளைப் பிடிப்பதிலும் நாட்கள் ஓடின. இரண்டாவது முறையும் படம் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். அதன் பிறகு ஆள் பிடிபட்டான், மாவட்ட எஸ்.பி. தாமதத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு மணிக்கணக்கில் கெடு வைக்கும் விதி கிடையாது, மேல்முறையீட்டுக் குழு கிடையாது. இன்றைக்கு இருக்கிறது, பயன்படுத்தாமல் விட்டால் இருந்தும் இல்லாத கணக்குதான்.

உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. 2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 48 மணி நேரத்தில் அனைத்தையும் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு ஜூலையில் உத்தரவிட்டார். அதே வழக்கில், போலீஸ் ஆவணத்தில் அந்தப் பெண்ணின் பெயர் வந்ததையும் கண்டித்து நீக்கச் சொன்னார். ஆகவே புகாரோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'பாதிக்கப்பட்டவரின் பெயரை ஆவணங்களில் மறைக்க வேண்டும், விசாரணையைப் பெண் அதிகாரி நடத்த வேண்டும்.' கேட்பது உங்கள் உரிமை.

ஸ்டேஷனுக்கு முன்னால், வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. 'நீ என்ன பண்ணினாய்?' என்று மகளிடம் ஆரம்பிக்காதீர்கள். தூக்கமில்லாமல், சாப்பிடாமல் இருக்கிறாள் என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

ஒரு தாய், ஸ்ரீரங்கம்: பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆதாரத்துக்காக நானும் சேமித்து, வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எச்சரிக்கலாமா?

போடாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றாலே கணக்கு வேறு. மேலே மாணவிக்குச் சொன்ன 'முழு ஸ்கிரீன்ஷாட்' அறிவுரை இங்கே செல்லாது. குழந்தைகளின் ஆபாசப் படத்தை அனுப்புவது குற்றம். வைத்திருப்பதே குற்றமாகும் என்பதைச் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் விரிவாகவே சொல்லிவிட்டது. தாய் என்பதால் உங்களைக் குற்றவாளி ஆக்கப்போவதில்லை, ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பிரதியும் மகளின் படம் இன்னொரு போனுக்குப் போவதுதான்.

வந்த போனை அப்படியே வைத்திருங்கள். அனுப்பிய எண், யூசர்நேம், லிங்க், நேரம் இவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். போனோடு சைபர் கிரைமுக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். இது போக்சோ சட்டத்துக்குள் வரும். பள்ளிக்குத் தெரிந்துவிட்டால் பள்ளியும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'பள்ளி பெயர் கெடும், பேசி முடிக்கலாம்' என்று தலைமை ஆசிரியர் சொன்னால், 19-வது பிரிவைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவச வசதி இருக்கிறது, முகவரி takeitdown.ncmec.org. படத்தை நீங்கள் எங்கேயும் ஏற்ற வேண்டாம். உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் கண்டுபிடித்து எடுப்பார்கள். பெரியவர்களுக்கு இதே வேலையைச் செய்வது stopncii.org. இரண்டுக்கும் எல்லை உண்டு: வாட்ஸ்அப் சாட்டுக்குள் போவதை இவை பார்க்க முடியாது. படத்தைக் கொஞ்சம் வெட்டி மாற்றிவிட்டாலும் தவறவிடலாம். அதனால்தான் ஒரு முறை நீக்கியதோடு விடாமல், சில வாரம் தேடிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை மகளிடம் கொடுக்காதீர்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் அட்மின், புத்தாநத்தம்: எங்கள் குழுவில் ஒருவனைத் தினமும் ஓட்டுகிறார்கள். நான் அட்மின். என்னையும் உள்ளே தள்ளுவார்களா?

அட்மின் என்பதற்காக மட்டும் தள்ள முடியாது. கரூர் வக்கீல்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் அப்படித்தான் சொன்னது. பதிவிட்டவனோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தால்தான் மாட்டுவீர்கள். வக்கீல்களே வழக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் அட்மினால் அடுத்தவர் மெசேஜை எல்லோருக்கும் அழிக்க முடியும், ஆளை வெளியேற்ற முடியும். அழிக்கும் முன் ஓட்டப்படுகிற பையனைக் கேளுங்கள், அவனுக்கு அது ஆதாரமாக வேண்டியிருக்கலாம். ரிப்போர்ட் பண்ணினால் கடைசி ஐந்து மெசேஜ் வாட்ஸ்அப்புக்குப் போகும், அனுப்பியவனுக்குத் தகவல் போகாது. பிளாக், ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது சாட்டையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' தட்டிவிட்டு ஸ்டேஷனில் வெறும் போனை நீட்டுகிறவர்கள் அதிகம்.

வாசகி, உறையூர்: நீக்கச் சொன்னால் ஆதாரமே அழிந்துவிடுமே? பிறகு எப்படிப் பிடிப்பார்கள்?

நல்ல கேள்வி. நீக்கிய பதிவை 180 நாள் தளம் தன்னிடம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன. போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆகவே நீக்கச் சொல்லத் தயங்காதீர்கள், போலீஸுக்குப் போவதைத்தான் தள்ளிப்போடாதீர்கள். அந்த 180 நாளும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாசகி, மணப்பாறை: தொல்லை கொடுப்பவன் என் மேலதிகாரியின் தம்பி. பிளாக் பண்ணினால் ஆபீஸில் பிரச்சினை, பண்ணாவிட்டால் இரவெல்லாம் கமெண்ட்.

இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இருக்கிறது. தட்டிவிட்டால் அவர் கமெண்ட் அவருக்கு மட்டும் தெரியும், மெசேஜ் தனிப் பெட்டிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்றும் தெரியாது. தம்பி பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார், உலகமே ரசிக்கிறது என்ற நினைப்பில். நீங்கள் வாரம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். அலுவலகத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தால் அதன் தலைவி யார் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பி அங்கே வேலை பார்க்காவிட்டாலும் போலீஸ் புகார் கொடுக்க நிறுவனம் உங்களுக்கு உதவ வேண்டும்.

வாசகர், மணப்பாறை: எனக்கு எந்தப் பொய்க் கணக்கிலிருந்தும் யாரும் தொல்லையே கொடுப்பதில்லை. ஏன்?

உங்கள் நிஜக் கணக்கின் கமெண்ட்களைப் பார்த்தேன். எதற்கும் 66ஏ ரத்தானதற்கு சந்தோஷப்படுங்கள்.